வந்த பணம் எந்தப் பட்டியலுக்கு?
சிறு சங்கங்களின் கணக்குப் பாடம்

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து மிளகாய்த்தூள், ஒடியல் மா, நல்லெண்ணெய் என்று பக்கற் பண்ணி விற்கும் சிறு சங்கங்கள் பலவற்றில் எமக்குப் பழக்கமுண்டு. சாமான் லொறியில் கொழும்புக்குப் போகிறது. பணமோ ஒரு மாதம் கழித்து நேரே வங்கிக் கணக்கில் விழுகிறது. அதற்கு முன்னரோ பின்னரோ வாங்கிய நிறுவனம் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறது: "உங்களுக்கு இவ்வளவு பணம் அனுப்பியுள்ளோம்; இன்ன இன்ன விலைப்பட்டியல்களுக்காக" என்று. இதுதான் கொடுப்பனவு அறிவித்தல். இதை எமது கொப்பியிலுள்ள, இன்னும் பணம் வராத விலைப்பட்டியல்களோடு பொருத்திப் பார்ப்பது எப்படி என்பதே இன்றைய பாடம்.

அறிவித்தல் வேறு, பணம் வேறு

முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்வோம். அறிவித்தல் பணமல்ல, அது ஒரு கடிதம் மட்டுமே. பணம் வந்ததற்குச் சாட்சி வங்கிக் கூற்று. ஆனால் வங்கிக் கூற்றிலே மொத்தத் தொகை மட்டும் இருக்கும். அது எந்தெந்தப் பட்டியலுக்கு உரியது என்பதை அறிவித்தல்தான் சொல்லும். ஆகவே மூன்றையும் ஒரே மேசையில் வைக்கவேண்டும்: அறிவித்தல், வங்கிக் கூற்று, பணம் வராத பட்டியல்களின் நிரல்.

வங்கியில் பணம் விழாமல், அறிவித்தலை மட்டும் பார்த்து வரவு எழுதக்கூடாது. அடுத்த லொறியை ஏற்றவும் கூடாது. பொய்யான அறிவித்தலை அனுப்பிச் சாமானைப் பெற்றுக்கொண்டு மறைபவர்களும் இருக்கிறார்கள். அனுப்பியவரின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்த மின்னஞ்சலில் உள்ள இலக்கத்துக்கு அல்ல, உங்கள் கொப்பியில் முன்னரே உள்ள இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள்.

ஓர் உதாரணம்

ஒரு சங்கம் கொழும்பு நிறுவனமொன்றுக்கு நான்கு தடவை சாமான் அனுப்பியது. ஒவ்வொன்றுக்கும் 30 நாள் தவணை.

பட்டியல் 142, பெப்ரவரி 5: ரூபா 48,000
பட்டியல் 145, பெப்ரவரி 12: ரூபா 36,500
பட்டியல் 149, பெப்ரவரி 26: ரூபா 36,500
பட்டியல் 151, மார்ச் 4: ரூபா 22,400

மொத்தம் ரூபா 143,400. ஏப்ரல் 8இல் அறிவித்தல் வந்தது. அதில் இருந்தவை:

142: 48,000
154 (ஓடர் இலக்கம் 7731): 36,500
151: 22,400
கழிப்பது, திரும்பிய சாமான்: 3,600
அனுப்பும் தொகை: 103,300

மறுநாள் வங்கியில் ரூபா 103,300 விழுந்தது. தொகை சரி. இனி என்ன செய்வது?

பலரும் விடும் பிழை

பழைய பட்டியலிலிருந்து வரிசையாகக் கழித்துக்கொண்டு போவது எமது வழக்கம். அப்படிச் செய்தால் 142உம் 145உம் தீர்ந்துவிடும். மிஞ்சும் 18,800 ரூபா 149க்குப் போகும். 149இல் 17,700 ரூபாவும், 151இல் 22,400 ரூபாவும் நிலுவை நிற்கும். மொத்த நிலுவை ரூபா 40,100. இந்த மொத்தம் பிழையல்ல. அதனாலேயே பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அடுத்த வாரம் "151க்குப் பணம் தாருங்கள்" என்று கேட்டால், "அது கட்டியாயிற்று" என்று பதில் வரும். கணக்குத் தெரியாத சங்கம் என்ற பெயரும் கூடவே வரும். அதைவிட, அவர்கள் 149க்கு ஒரு சதமேனும் தரவில்லை என்ற முக்கியமான செய்தி எமக்குத் தெரியாமலே போய்விடும்.

எனவே, கட்டியவர் எந்தப் பட்டியலுக்கு என்று சொல்லியிருந்தால் அந்தப் பட்டியலுக்கே எழுதவேண்டும்.

வரி வரியாகப் பொருத்துதல்

முதல் வரி: 142, இலக்கமும் தொகையும் பொருந்துகின்றன. பட்டியலின் பக்கத்தில் திகதியை எழுதுவோம்.

இரண்டாவது வரி: 154. சங்கத்தின் கொப்பியில் 154 வேறொரு கடைக்கு எழுதப்பட்டது; தொகையும் வேறு. ஆகவே இலக்கத்தை எங்கேயோ மாற்றி எழுதியிருக்கிறார்கள். தொகையை மட்டும் பார்த்தால் 145 ஆகவும் இருக்கலாம், 149 ஆகவும் இருக்கலாம். இரண்டும் 36,500 அல்லவா? இங்கே ஊகிக்கக்கூடாது. ஓடர் இலக்கம் 7731 எந்தப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் அது 145. இப்போது ஐயமில்லை. ஓடர் இலக்கத்தை ஒவ்வொரு பட்டியலிலும் எழுதவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதற்காகத்தான். ஓடர் இலக்கமும் கைகொடுக்காவிட்டால், பணத்தை அந்த நிறுவனத்தின் பெயரில் "இன்னும் பொருத்தாதது" என்று எழுதி வைத்துவிட்டு அவர்களிடமே கேட்கவேண்டும்.

மூன்றாவது வரி: 151, பொருந்துகிறது.

நான்காவது வரி: திரும்பிய சாமான் 3,600. இது 142இல் போன மிளகாய்த்தூள் பக்கற்றுகளுக்கானது. பக்கற் ஒன்று 450 ரூபா, ஆகவே அவர்கள் கணக்கில் 8 பக்கற். லொறிச் சாரதி கொண்டுவந்த துண்டைத் தேடி எடுத்தால் அதில் 5 பக்கற் என்று கடைக்காரர் கையொப்பமிட்டிருக்கிறார். அதன் பெறுமதி 2,250 ரூபா. அதற்கு மட்டும் செலவுத்தாள் எழுதுவோம். மீதி 3 பக்கற்றின் 1,350 ரூபா 142இல் நிலுவையாகவே நிற்கட்டும். "சிறு தொகைதானே" என்று மூடிவிட்டால், ஒவ்வொரு முறையும் மூன்று பக்கற் யாரோ ஒரு குடும்பத்தின் பங்கிலிருந்து போகும்.

இப்போது உண்மையான நிலுவை: 149இல் 36,500, 142இல் 1,350. மொத்தம் 37,850. சரிபார்ப்போம்: 143,400இலிருந்து வந்த பணம் 103,300, செலவுத்தாள் 2,250 இரண்டையும் கழித்தால் 37,850. பொருந்துகிறது.

149 ஏன் விடுபட்டது?

சங்கம் விசாரித்தபோது விடயம் விளங்கியது. ஒரே தொகையில் இரண்டு பட்டியல்கள் வந்ததால், 149ஐ 145இன் இரண்டாவது பிரதி என்று எண்ணி ஒதுக்கிவிட்டார்கள். பெப்ரவரி 26இல் சாமானைப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்ட ஒப்படைப்புத் துண்டின் பிரதியை அனுப்பியதும் அடுத்த கொடுப்பனவில் பணம் வந்தது.

இதைத் தாமதிக்கலாகாது. எமது நாட்டின் 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, விற்றுக் கொடுத்த சாமானுக்கான கடனுக்கு, அது செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வழக்கு வைக்கவேண்டும். பழைய பட்டியலிலிருந்து கழித்துக்கொண்டே போகும் கொப்பியில், உண்மையில் கட்டப்படாத பட்டியல் "தீர்ந்தது" என்ற கோட்டின் கீழ் மறைந்திருக்க, அந்த ஆண்டு ஓடிவிடும்.

கோவையில் வைப்பது

அறிவித்தலை அச்செடுத்து, பற்றுச்சீட்டு இலக்கத்தையும் வங்கியில் விழுந்த திகதியையும் அதன் மேல் எழுதி, திகதி வரிசையில் கோவைப்படுத்துங்கள். மின்னஞ்சலையும் அழிக்கவேண்டாம். ஓடி வந்தபோது கொப்பிகளை விட்டுவந்தவர்கள் எம்மில் பலர். வீடும் கோவையும் போனாலும், கடவுச்சொல் நினைவிலிருந்தால் மின்னஞ்சலை வேறிடத்திலிருந்தும் திறக்கலாம். கடவுச்சொல்லைச் சங்கத்தில் இருவராவது அறிந்திருக்கட்டும்.

பயிற்சி

அடுத்த அறிவித்தலில் 149க்கு 36,500 என்று இருக்கிறது. வங்கியில் 37,850 விழுந்திருக்கிறது. மேலதிகமாக வந்த தொகை எவ்வளவு? அது எதற்கானதாக இருக்கலாம்? எழுதுவதற்கு முன் யாரிடம் கேட்பீர்கள்? குழுவாக இருந்து செய்து பாருங்கள்.