துபாய் பள்ளிக்கு முதல் விண்ணப்பம்: புதிய ஆசிரியருக்குக் கவர் லெட்டர் குறிப்புகள்

வீட்டில் மகளோ மருமகளோ பி.எட். முடித்துவிட்டு, துபாய், ஷார்ஜா பக்கம் உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு விண்ணப்பம் போடும் காலம் இது. பயோடேட்டாவை எல்லாரும் ஒழுங்காகத் தயார் செய்துவிடுகிறார்கள். அதனுடன் போகும் ஒரு பக்கக் கடிதத்தை மட்டும் எங்கிருந்தோ நகலெடுத்து, பள்ளியின் பெயரை மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். வேலை அனுபவம் இல்லாதவருக்குத் தன் தரப்பைச் சொல்ல அந்த ஒரு பக்கம்தான் இடம். கடிதம் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை இங்கே தமிழில் சொல்கிறேன். பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்த ஒரு பெண்ணை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

1. முதல் வரியிலேயே பதவியின் பெயரை விளம்பரத்தில் உள்ளபடி எழுதுங்கள். சி.பி.எஸ்.இ. வழக்கில் பட்டமும் பி.எட்.டும் முடித்தவர் டி.ஜி.டி.; நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கானவர். மேல்நிலை வகுப்புக்கான பி.ஜி.டி. பதவிக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். “எந்த வகுப்பு கொடுத்தாலும் எடுப்பேன்” என்று எழுதுவது பணிவு என்று நினைக்கிறோம். வாசிக்கும் முதல்வருக்கோ, தன் தகுதி எதற்கு என்றே தெரியாதவர் என்று தோன்றும். விளம்பரத்தில் இரண்டு ஆண்டு அனுபவம் ‘விரும்பத்தக்கது’ என்றிருந்தால் தயங்காமல் அனுப்பலாம். ‘கட்டாயம்’ என்றிருந்தால் அந்த நேரத்தை வேறு பள்ளிக்குச் செலவிடுங்கள்.

2. அங்குள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது; ஜூலை, ஆகஸ்ட் கோடை விடுமுறை. ஆகவே ஏப்ரலில் சேர நினைப்பவர் ஜனவரிக்குள் கடிதத்தை அனுப்பியிருக்க வேண்டும். ஊர் திரும்பும் ஆசிரியர்களின் இடம் விடுமுறையை ஒட்டியும் காலியாவது உண்டு. எந்தத் தேதியிலிருந்து வர முடியும் என்பதைக் கடிதத்தில் மாதத்தோடு எழுதிவிடுங்கள். ‘உடனடியாக’ என்ற சொல்லுக்கு, விசா வேலை இருக்கும் இடத்தில், பொருளே இல்லை.

3. துபாயில் தனியார் பள்ளிகளை மேற்பார்வையிடும் அரசு அமைப்பு கே.எச்.டி.ஏ. அது பள்ளிகளை ஆய்வு செய்து எழுதிய அறிக்கைகள் அதன் இணையதளத்தில் எவரும் படிக்கும்படி கிடக்கின்றன. பள்ளி மொத்தத்துக்கும் ‘அவுட்ஸ்டாண்டிங்’, ‘வெரி குட்’, ‘குட்’ என்று தரம் இருக்கும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். உள்ளே பாடவாரியாக, தொடக்கநிலை, நடுநிலை என்று பிரித்து, பிள்ளைகளின் தேர்ச்சியும் முன்னேற்றமும் எப்படி என்று எழுதியிருப்பார்கள். பள்ளி எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற பரிந்துரையும் இருக்கும். கணிதம் நடுநிலையில் சற்றுப் பின்தங்கியிருக்கிறது என்று தெரிந்தால், உங்கள் கடிதம் அந்த இடத்தைத் தொட வேண்டும். ஆனால் “உங்கள் பள்ளியில் கணிதம் சரியில்லை என்று படித்தேன்” என்று எழுதிவிடக் கூடாது. நடுநிலை வகுப்பில் நீங்கள் செய்த ஒரு வேலையைச் சொன்னால் போதும், அவர்களுக்கே புரியும். அறிக்கை பழையதாக இருக்கலாம், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. இரண்டாவது பத்தியில்தான் கடிதத்தின் உயிர் இருக்கிறது. அனுபவம் இல்லை என்று வருந்துகிறவர்கள், பி.எட். படிப்பில் மொத்தம் 20 வாரம் பள்ளியோடு இருந்ததை மறந்துவிடுகிறார்கள். அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வருகிறது. அந்த டீச்சிங் பிராக்டிஸைப் பெரும்பாலோர் “16 வாரம் பயிற்சி பெற்றேன்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதைப் படித்து எவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை, பி.எட். முடித்த எல்லாரும் அதே 16 வாரம்தான் இருந்திருக்கிறார்கள்.

அதற்குப் பதில் ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு சிக்கல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணப் பெண் விருதுநகர் மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு எடுத்தார் என்று வையுங்கள். ஒருமாறிச் சமன்பாடு நடத்தும்போது 3x + 5 = 20 என்று கொடுத்தால், பாதிப் பிள்ளைகள் அடுத்த வரியில் 3x = 25 என்று எழுதினார்கள். ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்ற விதியை மனப்பாடம் செய்திருந்தார்கள். எதற்காக மாறுகிறது என்பது தெரியாததால் அவசரத்தில் விட்டுவிட்டார்கள். அவர் ஆய்வகத்திலிருந்து தராசு கொண்டுவந்தார். ஒரு தட்டில் மூடிய மூன்று காகிதப் பொட்டலமும் ஐந்து கோலிக்குண்டும், மறு தட்டில் இருபது கோலிக்குண்டு. தட்டு சமமாக நிற்கிறது. இரண்டு பக்கமும் ஐந்தைந்து எடுத்தால் மூன்று பொட்டலமும் பதினைந்து கோலியும் மிஞ்சும். அப்படியானால் ஒரு பொட்டலத்தில் எத்தனை? பிள்ளைகளே ஐந்து என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்கள்.

இதைக் கடிதத்தில் இப்படிச் சுருக்கலாம்:

“பயிற்சிக் காலத்தில் எட்டாம் வகுப்பில் 38 மாணவர்களுக்கு ஒருமாறிச் சமன்பாடு நடத்தினேன். தொடக்கத் தேர்வில் 14 பேர் மட்டுமே இரண்டு படிகளில் தீரும் சமன்பாட்டைச் சரியாகச் செய்தனர். குறி மாற்றும் விதியை ஒதுக்கிவைத்து, தராசைக் கொண்டு இரு பக்கமும் ஒரே செயலைச் செய்வதிலிருந்து தொடங்கினேன். ஆறு பாடவேளைகளுக்குப் பின் அதே தரத்தில் வைத்த தேர்வில் 29 பேர் சரியாகச் செய்தனர். மீதி ஒன்பது பேரில் பெரும்பாலோருக்குச் சிக்கல் குறை எண்களில் இருந்தது. அவர்களுக்குத் தனியாக எண்கோட்டுப் பயிற்சி கொடுத்தேன்.”

எண்கள் இங்கே மாதிரிக்குத்தான். உங்கள் எண்கள் உங்களிடமே இருக்கின்றன. தேர்வும் மதிப்பீடும் என்று ஒரு ரெக்கார்டு எழுதினீர்களே, கமிஷனுக்கு முந்தின இரவு அட்டை போட்டு வைத்தீர்களே, அதைத் திறந்து பாருங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று எழுதும் கடிதத்தை அனுபவசாலி நம்புவதில்லை. யாருக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று தெரிந்தவரைத்தான் ஆசிரியராகப் பார்ப்பார். இல்லாத எண்ணைப் போட்டால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வீர்கள்.

5. சமச்சீர்ப் பாடநூலில் பயிற்சி பெற்றவர் என்.சி.இ.ஆர்.டி. நூலைக் கையில் எடுத்ததற்கு ஒரு வரி சாட்சி வேண்டும். ஆறாம் வகுப்புக்கு 2024-இலும், ஏழு, எட்டு வகுப்புகளுக்கு 2025-இலும் ‘கணித பிரகாஷ்’ என்ற புதிய நூல் வந்துவிட்டது. பழைய நூலின் பாடத் தலைப்புகளை எழுதினால் நீங்கள் புதியதைப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். என்.சி.இ.ஆர்.டி. தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 100-க்கு 20 மதிப்பெண் அகமதிப்பீடு. அதில் ஐந்து கணித ஆய்வகச் செயல்பாட்டுக்கு. மேலே சொன்ன தராசுப் பாடம் போன்ற செயல்பாடுகள் அங்கே பொருந்தும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால், அவர்கள் முறையும் உங்களுக்குத் தெரியும் என்று ஆகிவிடும்.

6. தமிழ்வழிப் பிரிவில் பயிற்சி எடுத்திருந்தால் மறைக்க வேண்டாம். ஆனால் துபாய் வகுப்பில் மலையாளி, இந்திக்காரர், தமிழர் எல்லாரும் கலந்திருப்பார்கள். முழு வகுப்பும் ஆங்கிலத்தில்தான். எனவே ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பாடம் நடத்திய காணொளி தயாராக இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன் என்று எழுதுங்கள். எழுதிவிட்டு எடுக்காமல் இருக்காதீர்கள்; பல பள்ளிகள் தேர்வின் ஒரு கட்டமாக டெமோ வகுப்பு கேட்கும்.

7. சான்றிதழ் விஷயத்தில் புதியவர்கள் அதிகம் இடறுகிறார்கள். அமீரகத்தில் செல்லுபடியாக, பட்டச் சான்றிதழ் மாநில அரசின் சரிபார்ப்பு, நம் வெளியுறவு அமைச்சகம், இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், பிறகு அங்கே அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் என்று படிப்படியாக முத்திரை பெற வேண்டும். பட்டமளிப்பு முடியாதவர் கையில் இருப்பது புரொவிஷனல் சான்றிதழ் மட்டும். அதை வைத்து இந்த வரிசையில் முழுவதுமாகப் போக முடியும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. பள்ளி விரும்பினாலும், ஆசிரியர் நியமனத்துக்கு ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டும். ஆகவே கடிதத்தில் நிலவரத்தை ஒளிக்காமல் எழுதுங்கள்: “பி.எஸ்சி. பட்டச் சான்றிதழ் சான்றொப்பம் முடிந்தது. பி.எட். தேர்ச்சி பெற்றுள்ளேன், பட்டச் சான்றிதழ் கிடைத்ததும் சான்றொப்பத்துக்கு அனுப்புவேன்.” இரண்டே வரி. இதைப் படிக்கும் அலுவலகத்தாருக்கு அரை வேலை மிச்சம். காவல்துறை நன்னடத்தைச் சான்று பாஸ்போர்ட் சேவை வழியாகக் கிடைக்கும். அழைப்பு வந்தபின் விண்ணப்பித்தால் போதும், முன்கூட்டி வாங்கிப் பழசாக்க வேண்டாம்.

8. சம்பளம் கேட்டிருந்தாலொழிய எழுதாதீர்கள். தந்தை பெயர், சாதி, மதம், திருமண நிலை கடிதத்துக்குத் தேவையில்லை. கணவர் அங்கேயே வேலையில் இருந்து, அவருடைய விசாவில் இருப்பவரானால் மட்டும் அதைச் சொல்லுங்கள். பள்ளிக்கு அது பயனுள்ள செய்தி.

9. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பி.டி.எஃப். கோப்பாக, பெயரோடு `TGT_Maths` என்று சேர்த்துச் சேமியுங்கள். மின்னஞ்சலின் தலைப்பு வரியிலும் `Application - TGT Mathematics` என்றே இருக்கட்டும். முதல்வரின் பெயரைப் பள்ளித் தளத்தில் பார்த்து எழுதுங்கள். பழைய முதல்வர் பெயரை எழுதுவதைவிட ‘மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு’ என்பதே மேல். பயிற்சிப் பள்ளியின் கைடு டீச்சரிடம் அனுமதி கேட்ட பிறகே அவர் பெயரைப் பரிந்துரையாளராகக் கொடுங்கள். துபாயிலிருந்து திடீரென்று போன் வந்தால் அவர் ‘யார் அது?’ என்று கேட்கக் கூடாது.

10. கடிதத்துக்குப் பதிலாகப் பணம் கேட்டுக் கடிதம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. என்று உச்சவரம்பு உண்டு. அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகே பாஸ்போர்ட் நகலைக் கொடுங்கள்.