முள் ஏறியது, கம்பம் இறங்கவில்லை
போன ஏப்ரலில் பனி கரைந்தபோது எங்கள் டெக்கின் தண்ணீர் வளவுப் பக்கம் வழியாமல் குசினிக் கதவுக்குள் வந்தது. வெளிப்பக்க வரிசையின் நடுக் கம்பம், நாலாம் நம்பர், நாலு சென்ரிமீற்றர் மேலே எழும்பி நின்றது. என் மச்சான் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "கொங்கிரீட் போடு எண்டு அப்பவே சொன்னனான்." அவருக்கான பதிலும் இதற்குள் இருக்கிறது.

டொரொன்டோவில் டெக் போடுகிறவர்களுக்கு உறைபனி ஆழம் 1.2 மீற்றர் என்பது தெரிந்திருக்கும். கொங்கிரீட் என்றால் அவ்வளவு ஆழம் குழி தோண்ட வேண்டும், மண் அள்ள வேண்டும். ஸ்குரூ பைல் என்றால் நுனியில் வட்டத் தகடு சுற்றிய இரும்புக் குழாயைத் திருகி இறக்கினால் போதும். நாங்கள் போட்டது அதுதான், ஆறு கம்பமும் அரைநாளில் முடிந்தன. அனுமதி எடுப்பது, நிலத்தடிக் குழாய்களைக் குறிக்கச் சொல்வது எல்லாம் நீங்கள் செய்வீர்கள், அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

நான் ஏமாந்தது கணக்கில். கணக்கு உண்மையில் எளிது. கம்பம் தாங்கும் உச்சச் சுமை என்பது அதைத் திருகத் தேவைப்பட்ட டோர்க்கை ஒரு மாறிலியால் பெருக்கினால் வருவது: Q = K × T. எங்களுடைய 73 மில்லிமீற்றர் குழாய்க்கு K மீற்றருக்கு ஏறக்குறைய 30. வருவதில் பாதியைத்தான் நம்ப வேண்டும். டெக் 3.6 க்கு 4.8 மீற்றர், பலகையும் ஆட்களும் சேர்த்து சதுர மீற்றருக்கு 2.4 கிலோநியூட்டன் என்றால் நடுக் கம்பத்துக்கு வருவது சுமார் 10.4, அதாவது ஒரு தொன்னுக்குச் சற்று மேல். இரட்டிப்பாக்கி 30 ஆல் வகுத்தால் 0.7 கிலோநியூட்டன் மீற்றர் டோர்க் போதும்.

நாலாம் நம்பர் 90 சென்ரிமீற்றரில் முனகத் தொடங்கியது. முள் ஒரேயடியாக 2.1 க்கு ஏறியது. மெசின் பிடித்த தம்பி சிரித்தார்: "அண்ணை, வேண்டியதுக்கு மூண்டு மடங்கு. இதோட வெட்டுவம்." நானும் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன், 63 வந்தது. சந்தோசமாகத் தலையாட்டினேன். கம்பம் சுற்றியது, ஆனால் இறங்கவில்லை. அதைக் கண்ணால் கண்டேன், கேட்கவில்லை. என்னுடைய பிழை அது ஒன்றுதான்.

தகட்டின் ஒரு சுற்றுக்கு இடைவெளி 75 மில்லிமீற்றர். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பம் கிட்டத்தட்ட அவ்வளவு கீழே போக வேண்டும். அப்படிப் போகும்போது வருகிற டோர்க்தான், தகடு புது மண்ணை வெட்டிப் போகிற எதிர்ப்பைச் சொல்லும். போகாமல் சுற்றினால் தகடு ஏதோவொன்றில் உரசுகிறது அல்லது தன் மண்ணைத் தானே குழப்புகிறது. அந்த இலக்கத்தை 30 ஆல் பெருக்குவதில் அர்த்தமே இல்லை. பாரமும் எங்களுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. தகடு உறைபனி ஆழத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. மாரியில் மண்ணில் வளர்ந்த பனி அதைக் கீழிருந்தே தூக்கியது.

மே மாதம் எதிர்ப்பக்கம் திருகி வெளியே எடுத்தோம். தகட்டின் விளிம்பு மடிந்திருந்தது. கீழே, வீடு கட்டினவர்கள் புதைத்துவிட்டுப் போன கொங்கிரீட் துண்டு ஒன்று, அம்மியளவு. அதைத் தோண்டி எடுத்து, குழியை நிரப்பி இடித்து, புதுக் கம்பம் இறக்கினோம். இந்த முறை 2.1 மீற்றர் போனது. டோர்க்கைப் பார்க்க வேண்டியது கடைசி மூன்று தகட்டு விட்டத்துக்கு. எங்கள் தகடு 25 சென்ரிமீற்றர், ஆகவே 75 சென்ரிமீற்றர். ஒவ்வொரு 25 க்கும் எழுதினோம்: 1.0, 1.1, 1.2. சராசரி 1.1. பெருக்கினால் 33, பாதி 16.5. முதலில் வந்த 63 இல் ஏறக்குறைய பாதி, ஆனால் இது உண்மையான 33. பிறகு வந்த மாரியில் அசையவில்லை.

மச்சான் இப்போது, "தடிச்ச குழாய் போட்டிருக்கலாம்" என்கிறார். 89 மில்லிமீற்றர் குழாய்க்கு K ஏறக்குறைய 23 தான். தடித்த தண்டு உரசலுக்கே கூட டோர்க்கைத் தின்னும், அதனால் அதே முள் குறைந்த சுமையைத்தான் குறிக்கும். தடித்தால் பலம் என்பது இந்தக் கணக்கில் ஓடாது.

உங்கள் வளவிலும் புதைத்த குப்பை இருக்கலாம். இறக்குவதற்கு முன் சோக்கால் குழாயில் 25 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போடுங்கோ. முள்ளைப் பார்க்க ஆள் இருக்கிறார், நீங்கள் கோடு மண்ணுக்குள் போகிறதா என்று பாருங்கோ. முடிவில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு டோர்க் எழுதிய தாளைக் கேளுங்கோ. என்னுடைய நாலாம் நம்பருக்கு அந்தத் தாளில் இருந்தது ஒரே ஒரு இலக்கம். அதை வாங்கிக்கொண்டுதான் காசு கொடுத்தேன்.