ஸ்டோரியில் கேட்போம், கல்லாவில் சரிபார்ப்போம்

வாடிக்கையாளர் எதைத் தேடுகிறார் என்பதை அறிய, நம்மில் பலர் இப்போது இன்ஸ்டாகிராம் ஸ்டோரியைப் பயன்படுத்துகிறோம். கேள்விப் பெட்டி, வாக்கெடுப்பு, வினாடி வினா என்ற மூன்று வசதிகள் அதில் உள்ளன. ஸ்டோரி 24 மணி நேரமே காட்சியில் இருக்கும். எதை முதலில் கேட்பது, வரும் பதிலை எப்படிப் படிப்பது என்பதைப் பார்ப்போம்.

உதகை–கூடலூர் சாலையில், நடுவட்டத்தில் ஒரு தேயிலைத் தூள் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 கிராம் பொட்டலம் அச்சடிக்கலாமா என்பது கடைக்காரரின் யோசனை.

முதலில் கேள்விப் பெட்டி. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றால் பொத்தாம்பொதுவாகவே பதில் வரும். "எங்கள் கடையில் கேட்டு, கிடைக்காமல் திரும்பிய பொருள் எது?" என்று நடந்ததைக் கேட்க வேண்டும். ஒரே பதில் பலரிடமிருந்து வந்தால், அதையே வாக்கெடுப்புக்கு எடுக்கலாம்.

அடுத்து வாக்கெடுப்பு. "100 கிராமா, 250 கிராமா?" என்று கேட்டதற்கு 70 பேர் வாக்களித்தார்கள் என்போம். 100 கிராமுக்கு 44, 250 கிராமுக்கு 26. உடனே அச்சகத்துக்கு ஓடக் கூடாது. யார் எதற்கு வாக்களித்தார் என்ற பெயர்ப் பட்டியல் கடைக்காரருக்குத் தெரியும். அதைக் கடைக்கு வந்து வாங்கியவர், வாங்காதவர் என்று பிரிக்க வேண்டும். வாங்கியவர்கள் 24 பேரில் 16 பேர் 250 கிராம் கேட்டிருக்கிறார்கள். 100 கிராம் கேட்ட 44 பேரில் 36 பேர் இதுவரை வாங்காதவர்கள். சிலர் நண்பர்கள், சிலர் வெளியூர்க்காரர்கள், சிலர் சக கடைக்காரர்கள். அவர்கள் வாக்கை ஒதுக்க வேண்டாம். ஆனால் அதை விற்பனையாக எண்ணவும் கூடாது. அச்சடிக்காத உறையில் 30 சிறு பொட்டலங்கள் கட்டி, இரண்டு வார இறுதிகளில் வைத்துப் பார்க்கலாம். அவை விற்றுத் தீர்ந்தால் அச்சுக்குக் கொடுக்கலாம்; பாதி தங்கினால் வாக்கு வெறும் விருப்பமே.

வினாடி வினாவின் பயன் வேறு. வாங்குபவர் எதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதை அது காட்டும். "டஸ்ட் தேயிலை என்பது கழிவா, சிறு துகள் தரமா?" என்று கேட்கலாம். சிறு துகள் தரம் என்பதே சரி. துகள் சிறிதாக இருப்பதால் விரைவில் நிறமும் கடுப்பும் இறங்கும். பலர் 'கழிவு' என்று தொட்டால், அந்தத் தூள் தேங்குவதற்கு விலை மட்டும் காரணமல்ல. தராசுக்கு அருகே இரண்டு வரி விளக்கம் எழுதி வைத்துவிட்டு, விற்பனையைக் கவனிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இம்மூன்றிலும் பதில் சொல்பவர் பெரும்பாலும் நம் கணக்கைப் பின்தொடர்பவரே. தோட்டத்து வேலை முடிந்து, செல்பேசி பார்க்காமல் மாதச் சாமான் வாங்க வருபவர் இதில் இல்லை. ஆகவே அதே கேள்வியைக் கல்லாவிலும் கேட்டு, ஒரு வாரம் நோட்டில் கோடு போட்டுக் குறித்து வைப்போம். இரு கணக்கும் ஒத்துப்போனால் துணிந்து சரக்கு எடுக்கலாம். ஒத்துப்போகாவிட்டால், கல்லாவில் குறித்த கணக்கை நம்புவதே நமக்கு நல்லது.