காப்புறுதியை இடையில் நிறுத்துமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

வடகீழ்ப் பருவத்தில் கடல் பெருத்தால் சல்லியில் படகுகள் கரையிலேயே கிடக்கும். அப்போது முதலில் பாரமாகத் தெரிவது ஆயுள் காப்புறுதிக் கட்டுப்பணம்தான். ஒப்பந்தத்தை முடித்துக் காசைக் கேட்டால், கட்டியதில் பாதிகூட வராதபோது ஏமாற்றப்பட்டோம் என்றே தோன்றும். கையெழுத்து வைக்குமுன் இந்தப் படிகளைப் பாருங்கள்.

1. பத்திரத்தில் சரண் பெறுமதி பற்றிய பகுதியைத் தேடுங்கள். சேமிப்பு சேர்ந்த திட்டங்களில் பெரும்பாலும் சில வருடங்கள் கட்டிய பிறகே அந்தப் பெறுமதி உருவாகும். மரணத்துக்கு மட்டும் காப்பளிக்கும் திட்டங்களில் பொதுவாக அது இருக்காது.

2. ஏன் குறைகிறது என்று கணக்கிடுங்கள். ஓர் உதாரணம்: 15 வருடத் திட்டம், காப்புத் தொகை 900,000 ரூபா, மாதம் 5,000 ரூபா. நான்கு வருடத்தில் கட்டியது 240,000. இத்துடன் நிறுத்தினால் 15இல் 4 பங்கு, அதாவது 240,000 ரூபா உங்கள் பெயரில் நிற்கும். ஆனால் அது இன்னும் 11 வருடம் கழித்துக் கிடைக்க வேண்டிய காசு. வருடம் 8 வீத வட்டியில் பார்த்தால் அதன் இன்றைய பெறுமதி ஏறக்குறைய 103,000 மட்டுமே. முகவர் தரகு, மருத்துவப் பரிசோதனை, பத்திரச் செலவு எல்லாம் முதல் வருடங்களிலேயே போய்விடுகின்றன. நான்கு வருடமும் உங்கள் உயிருக்குக் காப்பு இருந்ததற்கான செலவும் உண்டு. அதனால் கையில் வருவது இன்னும் குறையலாம்.

3. கிளையில் மூன்று தொகைகளை எழுத்தில் கேளுங்கள்: இன்றைய சரண் பெறுமதி, கட்டுப்பணத்தை நிறுத்தி ஒப்பந்தத்தை வைத்திருந்தால் கிடைக்கும் குறைந்த காப்புத் தொகை, ஒப்பந்தத்தின்மேல் எடுக்கக்கூடிய கடன். ஏற்கெனவே எடுத்த கடனும் வட்டியும் கழிக்கப்பட்டதா என்றும் பாருங்கள்.

4. தட்டுப்பாடு பருவம் முடியும் வரைதான் என்றால் கடனை முதலில் யோசியுங்கள். வட்டி சேர்ந்து சரண் பெறுமதியைத் தாண்டினால் ஒப்பந்தமே முறியலாம். ஆகவே கடல் அமைதியாகும் மாதங்களில் திருப்பிக் கட்டுங்கள். வருமானம் வரும் காலத்துக்கு ஏற்ப ஆண்டுக் கட்டணமாக மாற்ற முடியுமா என்றும் கேட்கலாம். இனிக் கட்டவே முடியாது, ஆனால் காசு உடனே தேவையில்லை என்றால் குறைந்த காப்போடு வைத்திருப்பதே நல்லது. அப்போது விபத்து, நோய் போன்ற மேலதிகக் காப்புகள் நின்றுவிடக்கூடும்.

5. பழையதை முடித்துப் புதியது தொடங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தொடக்கச் செலவுகள் மறுபடி உங்கள் தலையில் விழும். வயது கூடியதால் கட்டுப்பணமும் உயரும்.

6. முடிப்பதே வழி என்றால் பத்திரத்தின் மூலப் பிரதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்துடன் போங்கள். தந்த தொகை பத்திரத்தோடு பொருந்தாவிட்டால் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். அங்கு தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனையோ இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவையோ அணுகலாம்.