சுருக்கச் சொற்களும் சரியான கேள்வியும்: வீடமைப்புப் பிரிவுடன் உரையாடும்போது

இங்கிலாந்தின் உள்ளூராட்சி சபைகளில் பணியாற்றும் வீடமைப்பு உத்தியோகத்தர்கள் தமக்குள் பல சுருக்கச் சொற்களைப் பயன்படுத்துகின்றனர். பழக்கத்தின் காரணமாகப் பொதுமக்களிடமும் அவற்றையே பேசிவிடுவதுண்டு. அவை அலுவலகத்துக்குள் உருவான சொற்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அவற்றை அறிந்திருப்பதில்லை. ஆகவே அவற்றின் பொருளைக் கேட்பது மொழியறிவின் குறையைக் காட்டாது. ஆனால், எவ்வாறு கேட்பது என்பதைப் பொறுத்தே பயனுள்ள விடை கிடைக்கும்.

பின்வரும் உதாரணத்தைக் கவனிக்கவும். இரண்டு பிள்ளைகளுடன் தற்காலிக வதிவிடத்தில் வாழும் ஒரு தாய்க்கு வீடு வழங்கும் முதன்மைக் கடமையைச் சபை ஏற்றுக்கொண்டுள்ளது. ஒருநாள் உத்தியோகத்தர் தொலைபேசியில், "அடுத்த வாரம் பி.ஆர்.எஸ். ஆஃபர் ஒன்று வரும். மறுத்தால் டிஸ்சார்ஜ்" என்று கூறுகிறார்.

இவற்றுள் முதலாவது சொல் அத்தாய்க்குத் தெரியாது. இரண்டாவது தெரியும் என்று அவர் எண்ணுகிறார். மருத்துவமனையில் 'டிஸ்சார்ஜ்' என்றால் நோயாளி வீடு திரும்பலாம் என்பதே பொருள். எனவே, இந்த வீட்டை மறுத்தால் அதிலிருந்து தம்மை விடுவித்து, வேறொரு வீட்டைக் காட்டுவார்கள் என்று அவர் விளங்கிக்கொள்கிறார். உண்மையில் உத்தியோகத்தர் கூறியது, சபையின் கடமை முடிவுக்கு வரும் என்பதையே. அதன்பின் தற்காலிக வதிவிடமும் நீடிக்காமற் போகலாம். தெரியாத சொல்லைவிட, தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லே இங்கு அதிக ஆபத்தானது.

"பி.ஆர்.எஸ். என்றால் என்ன?" என்று மட்டும் கேட்டால், "தனியார் வாடகைத் துறை" என்ற விரிவாக்கம் கிடைக்கும். அது சரியான விடைதான். ஆயினும் பயன் குறைவு. தனியார் வீடொன்று முறைப்படி இறுதியாக வழங்கப்படும்போது, அதை ஏற்றாலும் மறுத்தாலும் முதன்மைக் கடமை முடிவடையக்கூடும் என்பதை அந்த விரிவாக்கம் தெரிவிப்பதில்லை. ஆகவே சொல்லின் விரிவை அல்ல, அதன் விளைவைக் கேட்க வேண்டும்.

அத்தாய் பின்வருமாறு கேட்கலாம்: "அடுத்த வாரம் வீடு ஒன்று வழங்கப்படும் என்பது விளங்கியது. பி.ஆர்.எஸ். ஆஃபர் என்பது எனது விண்ணப்பத்தில் எதை மாற்றும்? இது இறுதி வழங்கலா? டிஸ்சார்ஜ் என்று நீங்கள் கூறியது என்னையா, சபையின் கடமையையா?"

இக்கேள்வி விளங்கிய பகுதியை முதலில் கூறுகிறது. விளங்காத பகுதியை மட்டும் தனியே எடுத்துக் கேட்கிறது. இதனால் உத்தியோகத்தர் முழுவதையும் மீண்டும் தொடங்கத் தேவையில்லை. விடை கிடைத்ததும் அதைத் தமது சொற்களில் திருப்பிக் கூற வேண்டும்: "அப்படியானால், நான் மறுத்தால் சபை எனக்கு வேறு வீடு தேட வேண்டியதில்லை. சரிதானா?" விளக்கத்தில் பிழை இருப்பின் அந்த இடத்திலேயே வெளிப்படும். இறுதியாக, "இதனை எழுத்தில் அனுப்புங்கள்" என்று கேட்டு, உரையாடிய நாளையும் உத்தியோகத்தரின் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். உரையாடல் கடினமாயின், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யுமாறு கோரலாம்.

ஒரே சுருக்கம் இடத்துக்கு இடம் வேறுபடுவதும் உண்டு. 'என்.எஃப்.ஏ.' என்பது ஒரு கோவையில் நிலையான வதிவிடம் இல்லாதவரைக் குறிக்கலாம். மற்றொன்றில் மேலதிக நடவடிக்கை இல்லை என்று பொருள்படலாம். ஓர் அலுவலகத்தில் அறிந்த பொருளை இன்னோர் அலுவலகத்தில் அப்படியே கொள்ளலாகாது.

தொலைபேசி விளக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இறுதி வழங்கலை ஏற்பதன், மறுப்பதன் விளைவுகளையும், மீளாய்வு கோரும் உரிமையையும் சபை எழுத்தில் அறிவிக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும், தொலைபேசியில் கூறப்பட்டதோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து 21 நாட்களுக்குள் மீளாய்வு கோர வேண்டும். சபை எழுத்தில் அனுமதித்தால் மட்டுமே அக்காலம் நீளும். வீடு குடும்பத்துக்குப் பொருத்தமற்றது எனக் கருதுபவர், அதை ஏற்றுக்கொண்டவாறே பொருத்தப்பாடு குறித்து மீளாய்வு கோரலாம். மறுத்துவிட்டு மீளாய்வு கோரி, அதில் வெற்றி பெறாவிடின் அவ்வீடும் இல்லை, சபையின் கடமையும் இல்லை என்ற நிலை ஏற்படும். உதாரணத்தில் வரும் தாய் 'டிஸ்சார்ஜ்' என்ற சொல்லின் விளைவைக் கேட்காதிருந்தால், அந்நிலைக்கே சென்றிருப்பார்.