வளையம் எல்லாம் படர்தாமரை அல்ல

தாம்பரம் பகுதியில் உள்ள எங்கள் பள்ளியின் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் புறங்கையில் வட்டமாகச் சிறு மேடுகள் இருந்தன. படர்தாமரை என்று நினைத்து அவளைத் தனியே உட்கார வைத்தேன், தவறு என்னுடையதுதான். மருந்துக்கடையில் வாங்கிய பூஞ்சைக் களிம்பை ஒரு மாதம் தடவியும் மாற்றமில்லை.

அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர் அந்த இடத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பூஞ்சை இழைகள் இல்லை. ‘கிரானுலோமா அன்னுலேர்’ என்றார். இது தொற்றாது, பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே மறையும்.

படர்தாமரையின் விளிம்பில் செதில் உதிரும், அரிக்கும். இதன் விளிம்போ வழவழப்பாக, தோல் நிறத்திலேயே இருக்கும். ஆனால் ஸ்டீராய்டு கலந்த களிம்பு பூசினால் படர்தாமரையிலும் செதில் குறைந்துவிடும். அதனால் இப்போது வீட்டில் என்ன தடவினார்கள் என்று கேட்டு, எழுதிக் கொடுத்தே மருத்துவரிடம் அனுப்புகிறேன்.

அவள் மறுநாளே தன் பழைய இடத்தில் அமர்ந்தாள்.