ஆம்பியர் குறைவு, சூடு அதிகம்: டிரைவ் ஓடும் இடத்தில் டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பது எப்படி?

வானூர் வட்டத்தில் கிரஷர் ஓட்டுபவரையோ மரக்காணம் கரையில் உப்புத் தண்ணீர் பம்பு வைத்திருப்பவரையோ எடுத்துக்கொள்வோம். மோட்டார்களுக்கு முன்னால் வி.எஃப்.டி. எனும் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்களை மாட்டியிருக்கிறார். 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 433 வோல்ட் பக்கம் 333 ஆம்பியர் வரை தாங்கும் என்கிறது பெயர்ப்பலகை. மீட்டரில் 270தான். ஆனாலும் தொட்டியில் கை வைக்க முடியவில்லை, உறுமலும் கரகரப்பாக மாறிவிட்டது.

எண்ணெய் மட்டம், தளர்ந்த லக், உப்புக் காற்று அரித்த ரேடியேட்டர் ஆகியவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். இந்தக் கரையில் கடைசியாகச் சொன்னது சாதாரணக் கோளாறு அல்ல. அவை சரியாக இருந்தால், சந்தேகப்பட வேண்டியது கரண்டின் வடிவத்தை.

சாதாரண டிரைவின் முகப்பில் ஆறு டையோடுகள் இருக்கின்றன. அவை ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும்போது, அலையின் உச்சியில் மட்டும் கரண்டை வெட்டி வெட்டி இழுக்கின்றன. இதனால் 50 ஹெர்ட்ஸ் கரண்டோடு அதன் 5, 7, 11, 13 மடங்கு அதிர்வெண்களிலும் கரண்ட் ஓடுகிறது. இவைதான் ஹார்மோனிக்ஸ். சுருளின் செம்புக்குள் சுழலும் எடி கரண்டின் இழப்பு, அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஐந்தாம் ஹார்மோனிக்கின் ஒரு ஆம்பியர், 50 ஹெர்ட்ஸின் ஒரு ஆம்பியரைப் போல 25 மடங்கு எடி இழப்பைத் தருகிறது. இந்தச் சூடு சுருளின் சில இடங்களில் குவிவதால், எண்ணெய் தெர்மாமீட்டர் முழு உண்மையைச் சொல்லாது.

இனி அளக்க வேண்டும். மலிவான கிளாம்ப் மீட்டர் வளைந்த அலையைக் குறைத்துக் காட்டும். ட்ரூ ஆர்.எம்.எஸ். வகை வேண்டும். ஹார்மோனிக்ஸைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் பவர் அனலைசரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் இன்னும் நல்லது. டிரான்ஸ்ஃபார்மரின் தாழ்வழுத்தப் பக்கத்தில், டிரைவ்கள் முழு வீச்சில் ஓடும் நேரத்தில் அளக்க வேண்டும். பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர்களை ஆன் செய்து ஒரு முறை, ஆஃப் செய்து ஒரு முறை. இதைப் பலர் தவிர்க்கிறார்கள், அங்கேதான் ஆபத்து இருக்கிறது. 4.5 சதவீத இம்பிடன்ஸ் உள்ள 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரோடு 100 கேவார் கெப்பாசிட்டர் சேர்ந்தால், ஒத்ததிர்வு சுமார் 7.5-ஆம் மடங்கில், அதாவது ஏழாம் ஹார்மோனிக்குக்கு மிக அருகில் விழுகிறது. கெப்பாசிட்டரை ஆன் செய்ததும் ஏழாவது எகிறினால் காரணம் அதுவே. கெப்பாசிட்டரோடு 7 சதவீத டீட்யூன்ட் ரியாக்டரைத் தொடராகச் சேர்த்தால், ஒத்ததிர்வு ஐந்தாம் ஹார்மோனிக்குக்கும் கீழே இறங்கிவிடும்.

அளந்ததை K எண்ணாக மாற்றுவது எளிது. ஒவ்வொரு ஹார்மோனிக் கரண்டின் வர்க்கத்தையும் அதன் மடங்கின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டி, கரண்டுகளின் வர்க்கக் கூட்டலால் வகுக்க வேண்டும்:

K = Σ(Ih² × h²) / Σ(Ih²)

நம் டிரைவ்களில் சோக் இருக்கிறது, அடிப்படைக் கரண்டோடு ஒப்பிட்டால் ஐந்தாவது 35, ஏழாவது 12, பதினொன்றாவது 8, பதின்மூன்றாவது 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 5.97, கீழே 1.146. K எண் 5.2. இதே டிரான்ஸ்ஃபார்மரில் டிரைவ் இல்லாத மோட்டார்களும் சம அளவில் ஓடினால் அது 2.2 ஆகிவிடும். எனவே டிரைவின் கேட்டலாக்கைப் பார்த்து K சொல்வது வீண், மொத்தச் சுமையை அளந்தே சொல்ல வேண்டும்.

இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதற்கு ஐ.இ.இ.இ. C57.110 தரநிலை வழி காட்டுகிறது. சுருளின் எடி இழப்பு அதன் சாதாரணச் செம்பு இழப்பில் 8 சதவீதம் என்றால், K 5.2-இல் தாங்குவது 87 சதவீதம், அதாவது சுமார் 291 ஆம்பியர். அது 15 சதவீதம் என்றால் 268 மட்டுமே. மீட்டரில் கண்ட 270 ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டது! அந்த விகிதத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

புதிதாக வாங்குவோர் அமெரிக்க யு.எல். 1561 தரநிலையின் கே-4, கே-9, கே-13 மதிப்பீடுகளைப் பார்க்கலாம். நம் 5.2-க்கு கே-4 போதாது. கே-9 அல்லது கே-13 வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: கே மதிப்பீடு ஹார்மோனிக்ஸைக் குறைப்பதில்லை, அந்தச் சூட்டைத் தாங்கும்படி டிரான்ஸ்ஃபார்மர் கட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே. உயரழுத்த இணைப்புள்ளவர் அனுமதித்த அளவைத் தாண்டி ஹார்மோனிக்ஸை மின்வாரியத்தின் கம்பியில் விட்டால், தமிழ்நாட்டுக் கட்டண ஆணைகளின்படி 15 சதவீத இழப்பீடு கட்ட நேரிடும். கே-13 வாங்கியதால் அது நீங்காது. சோக் இல்லாத டிரைவ்களுக்கு முதலில் லைன் சோக் மாட்ட வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் ஃபில்டர்.

ஐரோப்பிய நிறுவனங்கள் விலைப்புள்ளியில் எழுதும் ‘ஃபேக்டர் கே’ வேறொன்று. அது ஒன்றைச் சற்றே தாண்டும், சுமையைக் குறைப்பதற்கான எண். அதை கே-4, கே-13 உடன் ஒப்பிடக் கூடாது. ஆர்டரில் கே என்ற எழுத்தோடு நிறுத்தாமல், அளந்த ஹார்மோனிக் அட்டவணையையும் மே மாத வெயிலில் அங்கு எட்டும் வெப்பநிலையையும் எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு.